வேகம் குறைந்ததா, இயந்திரம் தள்ளாடியதா?

பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் செயலி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து மதுரைக்கு என்னென்ன பஸ் இருக்கிறது என்று அதில் தேடினால், பட்டியல் திரைக்கு வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று 11 தடவை அளந்தோம். வந்த எண்கள் இவை:

```
412 405 418 409 431 407 414 403 410 522 411
```

இந்த 11 தடவையும் ஓடியது ஒரே நிரல்தான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் ஒரு தடவை 403 வந்தது, இன்னொரு தடவை 522 வந்தது. நிரலை மாற்றியபின் வரும் எண்ணைப் பார்த்து, "இந்த மாற்றம் செயலியை மந்தமாக்கிவிட்டது" என்று எப்போது சொல்லலாம்? எப்போது சொல்லக் கூடாது? மென்பொருள் நிறுவனங்களில் தினமும் எழும் கேள்வி இது. பல இடங்களில் இதற்குத் தவறான பதில்தான் நடைமுறையில் இருக்கிறது.

கேள்வி எழும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு டெவலப்பர் தன் மாற்றத்தை எழுதி அனுப்பினால் அது நேராகப் பயனாளரிடம் போய்விடாது. பைப்லைன் என்று சொல்லப்படும் தானியங்கி வரிசை ஒன்று அதை வாங்கி, புது நிரலைக் கட்டி, நூற்றுக்கணக்கான சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். எல்லாம் பச்சை என்றால் மாற்றம் உள்ளே போகும், ஒன்று சிவப்பானாலும் நின்றுவிடும். கட்டணக் கணக்கு சரியா, இருக்கை எண் சரியா என்பது போன்ற சோதனைகளில் குழப்பமே கிடையாது. 640 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 600 வந்தால் தவறு, அவ்வளவுதான். வேகச் சோதனைக்கு அப்படி ஒரே சரியான விடை கிடையாது. அதனால் எங்காவது ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டினால் சிவப்பு என்று வைக்கவேண்டியிருக்கிறது.

அவசரத்தில் போடப்படும் கோடு பெரும்பாலும் ஒரு முழு எண்ணாக இருக்கும்: "5 சதவீதத்துக்கு மேல் மந்தமானால் நிறுத்து." வழக்கமான நேரம் 411 என்றால் 5 சதவீதம் கூட்டினால் 431.55. மேலே உள்ள எண்களில் 522 ஒன்றுதான் அதைத் தாண்டுகிறது. 11-க்கு 1 என்பது கேட்கப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தச் செயலிக்கு இதே மாதிரி 300 வேகச் சோதனைகள் இருந்து, ஒவ்வொன்றும் இதே அளவுக்கு அலைபாய்ந்தால், எதுவுமே மாறாத நிரலை ஓட்டினால்கூட ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 27 சிவப்பு விழும். இரண்டாவது வாரத்தில் டெவலப்பர்கள் அந்தச் சிவப்பைப் படிப்பதை விட்டுவிடுவார்கள். "மறுபடி ஓட்டு" பொத்தானை அழுத்துவார்கள், பச்சை வரும்வரை அழுத்துவார்கள். அந்த 27-க்கு நடுவே 28-ஆவதாக ஓர் உண்மையான சரிவு இருந்தால் அதுவும் இந்த அழுத்தலில் காணாமல் போகும்.

முந்தைய ஓட்டத்தின் எண்ணையே அளவுகோலாக வைத்துக்கொள்வதும் வழக்கத்தில் இருக்கிறது. அது இன்னும் மோசம். நேற்று தற்செயலாக 522 வந்திருந்தால், இன்று 500 ஆகும் நிரல்கூட "முன்னைவிட வேகம்" என்று பாராட்டு வாங்கி உள்ளே போய்விடும்.

எண்கள் ஏன் இப்படி ஆடுகின்றன? அதே சர்வரில் பக்கத்தில் வேறு யாருடைய வேலையோ ஓடிக்கொண்டிருக்கும். செயலி சூடானால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், குளிர்ந்தால் கூட்டிக்கொள்ளும். நினைவகத்தைச் சுத்தம் செய்யும் வேலை அளவெடுக்கும் நேரத்தில் குறுக்கே வரும். இவை எல்லோரும் எதிர்பார்ப்பவை. யாரும் எதிர்பார்க்காத ஒன்றை 2009-இல் டாட் மிட்கோவிச், அமெர் திவான், மத்தியாஸ் ஹவுஸ்விர்த், பீட்டர் ஸ்வீனி என்ற நான்கு ஆய்வாளர்கள் காட்டினார்கள். யூனிக்ஸ் கணினியில் நிரல் தொடங்கும்போது பயனர் பெயர், கோப்புறைப் பாதை போன்ற சூழல் விவரங்கள் நினைவகத்தில் ஏற்றப்படும். அந்த விவரங்களின் மொத்த நீளம் மாறினாலே நிரலின் தரவு உட்காரும் முகவரி கொஞ்சம் நகர்கிறது, அந்த நகர்வே வேகத்தை மாற்றுகிறது. அதாவது நீளமான பெயர் கொண்ட ஒருவர் ஓட்டியதாலேயே ஒரு நிரல் மந்தமாகத் தெரியக்கூடும். அளவீட்டை நம்பும் எவரும் இந்த ஆய்வைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆகவே கோட்டை அலுவலகக் கூட்டத்தில் பேசித் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு சோதனையும் தானாக எவ்வளவு ஆடுகிறது என்பதை அளந்து, அதிலிருந்துதான் கோடு பிறக்கவேண்டும். மரக்கடைத் தராசின் பிழையை நகைக்கடைத் தராசுக்கு யாரும் அனுமதிக்கமாட்டார்கள். அதுபோல 300 சோதனைக்கும் சேர்த்து ஒரே சதவீதம் என்பது பொருந்தாது.

இதைச் செய்ய முதலில் தோன்றுவது பள்ளிக்கூடக் கணக்கு: சராசரியும் திட்டவிலக்கமும் எடுத்து, சராசரிக்கு மேல் மூன்று திட்டவிலக்கத் தொலைவில் கோடு போடுவது. நம் எண்களுக்குச் சராசரி 422, திட்டவிலக்கம் 34. கோடு 524-இல் விழும். அதன்படி பார்த்தால் செயலி 411-லிருந்து 520-க்குப் போனாலும், அதாவது கால்பங்குக்கு மேல் மந்தமானாலும், பச்சைதான். அந்த ஒற்றை 522 சராசரியையும் தூக்கிவிட்டது, திட்டவிலக்கத்தையும் ஊதிவிட்டது. எந்த எண்ணைக் கண்டு உஷாராக வேண்டுமோ அதே எண் கோட்டைத் தன் தலைக்கு மேல் தள்ளிவைத்துக்கொண்டது.

இடைநிலைக்கு இந்தப் பலவீனம் இல்லை. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 411. அந்த 522-க்குப் பதில் 5,000 வந்திருந்தாலும் இடைநிலை 411-தான். சிதறலையும் இதே முறையில் எடுக்கலாம். ஒவ்வொரு எண்ணும் 411-லிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எழுதி, அந்தத் தொலைவுகளுக்கும் இடைநிலை பார்த்தால் 4 வருகிறது. சாதாரண ஓட்டம் 4 மில்லிசெகண்ட் அளவுக்குத்தான் ஆடுகிறது என்று அது சொல்கிறது. கோடு இப்படி அமையும்:

```
limit = median + 5 * 1.4826 * MAD
      = 411 + 5 * 1.4826 * 4
      ≈ 441
```

இதில் `MAD` என்பது நாம் இப்போது கண்ட 4. அதைத் திட்டவிலக்கத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்குக் கொண்டுவருவது 1.4826 என்ற பெருக்கம். முன்னால் இருக்கும் 5 மட்டும் நம் தேர்வு. அதை 3 ஆக்கினால் கோடு 429-க்கு இறங்கி 431-உம் சிவப்பாகும், 8 ஆக்கினால் உண்மையான சரிவுகள் நழுவும். படிக்க வசதியாக 11 எண்களோடு நிறுத்தியிருக்கிறேன். உண்மையில் சில வாரங்களின் ஓட்டங்களிலிருந்து இதற்குப் பல மடங்கு எண்களை எடுத்துக்கொள்வதுதான் சரி. குறைந்த எண்களில் சிதறலே தவறாகத் தெரியும்.

கோடு 441 ஆனபிறகும் அந்த 522 தாண்டத்தான் செய்கிறது. இதை எந்தக் கோட்டாலும் சரிசெய்ய முடியாது. ஒற்றை ஓட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதுதான் இங்கே கோளாறு. சோதனையை 5 தடவை ஓட்டி அவற்றின் இடைநிலையைக் கோட்டோடு ஒப்பிட்டால், பொய்ச் சிவப்பு விழ 5-இல் 3 ஓட்டமாவது கெட்டிருக்கவேண்டும். ஓர் ஓட்டம் கெட 11-க்கு 1 வாய்ப்பு என்றால், குறைந்தது மூன்று கெட 1,000-க்கு 6.5 வாய்ப்புதான். 300 சோதனைக்கு 27 பொய்ச் சிவப்பு என்றிருந்தது 2-க்கு இறங்குகிறது. அந்த இரண்டையும் குறைக்க வழி உண்டு. சிவப்பு விழுந்த சோதனையை மட்டும் இன்னொரு 5 தடவை ஓட்டி, மறுபடியும் தாண்டினால்தான் ஆளைக் கூப்பிடுவது என்று வைத்தால், ஏறக்குறைய 78 முழு ஓட்டங்களுக்கு ஒரு பொய் எச்சரிக்கைதான் வரும். மனிதர்கள் அந்த அளவைத் தாங்குவார்கள். ஒன்று வந்தால் எழுந்துபோய்ப் பார்ப்பார்கள்.

இந்தக் கணக்கு நிற்பது ஓர் அடிப்படையில். ஒவ்வொரு ஓட்டமும் மற்றதைச் சாராமல் கெடவேண்டும். பக்கத்து வேலையால் அந்தச் சர்வரே அரைமணி நேரம் திணறிக்கொண்டிருந்தால் 5 ஓட்டமும் சேர்ந்தேதான் கெடும், உடனே அங்கேயே மறுபடி ஓட்டினாலும் கெடும். பெருக்கிப் பார்த்த வாய்ப்பெல்லாம் அப்போது செல்லாது. அதனால்தான் மறுசோதனையை வேறு இயந்திரத்தில் ஓட்டவேண்டும் என்கிறார்கள். அதைவிட நல்ல ஏற்பாடு, பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒரே இயந்திரத்தில் மாற்றி மாற்றி ஓட்டுவது: பழையது, புதியது, பழையது, புதியது என்று. இயந்திரம் திணறினால் இரண்டும் சேர்ந்து திணறும், வித்தியாசம் மட்டும் கையில் நிற்கும். சேமித்துவைத்த பழைய எண்ணோடு ஒப்பிடாமல் அந்த நேரத்தில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவதால், சர்வர் மாற்றப்பட்டாலும் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டாலும் தீர்ப்பு கெடாது. ஓட்டும் நேரம் இரட்டிப்பாகும். என் கருத்தில் அந்தச் செலவு நியாயமானதுதான்.

நேரத்தை அளக்காமலே இரைச்சலை ஒழிக்கும் வழியும் இருக்கிறது. கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தை எழுதுபவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. `valgrind --tool=cachegrind` என்ற கருவிக்குள் நிரலை ஓட்டி, செயலி எத்தனை கட்டளைகளை நிறைவேற்றியது என்று எண்ணுகிறார்கள். கடிகார நேரம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும்போது, இந்த எண்ணிக்கை முதல் ஏழு இலக்கம்வரை அப்படியே திரும்ப வருகிறது. அதனால் ஆயிரத்தில் ஒரு பங்கு முன்னேற்றத்தைக்கூட அவர்களால் பார்க்க முடிந்தது. அப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்த்து 2014-இல் வந்த 3.8.7 பதிப்பை, அதற்கு முந்தைய ஆண்டின் 3.7.17-ஐவிட 50 சதவீதம் வேகமாக்கினார்கள். ரஸ்ட் மொழியின் கம்பைலரை உருவாக்குபவர்களும் முதன்மையாகக் கட்டளை எண்ணிக்கையையே பார்க்கிறார்கள். ஒவ்வொரு சோதனையும் கடந்த காலத்தில் எவ்வளவு ஆடியது என்பதிலிருந்து அதனதன் கோட்டையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள்.

நம் பஸ் தேடலுக்கு இது முழுப் பதில் ஆகாது. தேடலில் பெரும்பகுதி நேரம் தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்திருப்பதிலும் வலையில் பயணிப்பதிலும் போகிறது. காத்திருக்கும்போது கட்டளை ஓடாது. ஒரு கேள்விக்குப் பதில் நாற்பது கேள்விகளைத் தரவுத்தளத்திடம் கேட்கும்படி யாரோ எழுதிவிட்டால், கட்டளை எண்ணிக்கை கொஞ்சம்தான் ஏறும், பயனாளர் காத்திருக்கும் நேரமோ பல மடங்காகும். ஆனால் இதே யோசனையை இங்கேயும் பயன்படுத்தலாம். ஒரு தேடலுக்கு எத்தனை தரவுத்தளக் கேள்விகள் போகின்றன என்று எண்ணினால் அது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறாத முழு எண். 1 என்பது 2 ஆனாலே சிவப்பு போடலாம், பொய் எச்சரிக்கைக்கு இடமே இல்லை. எண்ணக்கூடியதை எண்ணிவிட்டு, எண்ண முடியாததற்கு மட்டும் கடிகாரத்தை வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் வாசலில் நின்று பெரிய சரிவைத் தடுக்கும் ஏற்பாடு. சிறிய சரிவுகள் இதில் அகப்படாது. ஒவ்வொரு மாற்றமும் 1 சதவீதம் மட்டும் மந்தமாக்கினால் எந்தக் கோடும் அசையாது, 20 மாற்றங்களில் 411 என்பது 501 ஆகியிருக்கும். அளவுகோலை முந்தைய ஓட்டத்தோடு நகர்த்திக்கொண்டே போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கடைசியாக வெளியிட்ட பதிப்பை நிலையான அளவுகோலாக வைத்து, அதோடும் ஒப்பிடுவது குறைந்தபட்ச மருந்து. எதிர்த்திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. யாரோ நன்றாக உழைத்துத் தேடலை 370-க்குக் கொண்டுவந்தால், கோடு 441-லேயே நின்றுவிடக் கூடாது. நின்றால் அடுத்த மாதம் 430-க்குத் திரும்பிப்போவதை யாரும் பார்க்கமாட்டார்கள். முன்னேற்றத்தையும் ஒரு நிகழ்வாகப் பதிந்து, கோட்டை இறக்கவேண்டும்.

மாங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனத்தின் அனுபவம் இங்கே பாடமாக இருக்கிறது. டேவிட் டேலியும் சகாக்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் அதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். முந்தைய முடிவோடு சதவீத வரம்பு வைத்து ஒப்பிடும் முறை அவர்களிடமும் இருந்தது, பொய் எச்சரிக்கைகளைக் கொட்டியது. முதலில் அவர்கள் இரைச்சலைக் குறைத்தார்கள். அமேசானின் வாடகை சர்வர்களில் நல்லதும் கெட்டதும் உண்டு, நல்லது கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அளந்து பார்த்தபோது அந்த நம்பிக்கை சரியில்லை என்று தெரிந்தது. சர்வருக்குள்ளேயே இருக்கும் டிஸ்க்தான் நிலையானது என்ற எண்ணமும் உடைந்தது. வலைவழி இணைத்த, வேகத்துக்கு உறுதி தந்து விற்கப்படும் டிஸ்க்தான் குறைவாக ஆடியது. இதெல்லாம் அளக்காமல் தெரியவே வந்திருக்காது.

அதன்பிறகு கேள்வியையே மாற்றினார்கள். "இன்றைய எண் நேற்றையதைவிட மோசமா?" என்று கேட்பதை விட்டு, "இந்தச் சோதனையின் மொத்த வரலாற்றில் எந்த இடத்தில் எண்களின் போக்கு மாறியது?" என்று கேட்டார்கள். 441 என்ற கோட்டுக்குக் கீழேயே, 411-ஐச் சுற்றி ஆடிக்கொண்டிருந்த எண்கள் ஒரு நாளிலிருந்து 423-ஐச் சுற்றி ஆடத் தொடங்கினால், எந்தத் தனி எண்ணும் சந்தேகத்துக்கு இடம் தராது. மாற்றத்துக்கு முந்தைய கூட்டத்தையும் பிந்தைய கூட்டத்தையும் பிரித்துவைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அவர்கள் பயன்படுத்திய கணக்குமுறை வரலாற்றை ஒவ்வோர் இடத்திலும் இரண்டாக வெட்டிப் பார்த்து, இரு பக்கமும் மிக அதிகமாக வேறுபடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். பிறகு எண்களைச் சீட்டுபோலக் கலைத்துக் கலைத்துப் பார்க்கும். கலைத்த வரிசைகளிலும் அதே அளவு வேறுபாடு அடிக்கடி தோன்றினால் அது தற்செயல், தள்ளிவிடலாம். தோன்றவில்லை என்றால் அந்த நாளில் ஏதோ நடந்திருக்கிறது. ஒற்றை 522 இந்த முறையைப் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை, ஏனென்றால் அடுத்த எண்ணே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. மாற்றத்துக்குப் பிந்தைய கூட்டம் என்று ஒன்று சேரவேண்டும் என்பதால், மாற்றம் உள்ளே போய்ச் சில ஓட்டங்கள் கழிந்தபிறகுதான் பதில் கிடைக்கும். வாசலில் நிறுத்த இது உதவாது. மாங்கோடிபியிலும் கணினி சொன்ன இடங்களை மனிதர் ஒருவர் பார்த்து, உண்மையா என்று உறுதிசெய்து, பிறகுதான் டெவலப்பரிடம் கொண்டுபோனார்கள். எனக்கு இது சரியான பிரிவினையாகப் படுகிறது. வாசலில் பெரிய சரிவுக்கான கோடு உடனே தடுக்கட்டும், சிறியதை வரலாறு சில நாள் கழித்துச் சொல்லட்டும். இரண்டு வேலையையும் ஒரே கோட்டிடம் கொடுப்பதால்தான் அது ஒன்று ஓயாமல் கத்துகிறது அல்லது ஊமையாகிறது.

ஒரு வேலை மட்டும் பலராலும் விடப்படுகிறது. எச்சரிக்கை அமைப்பையே சோதிக்கவேண்டும். அதற்கு இரண்டு ஓட்டம் போதும். முதலாவதில் பழைய நிரல், புதிய நிரல் இரண்டின் இடத்திலும் ஒரே நிரலை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டவேண்டும். அப்போது விழும் ஒவ்வொரு சிவப்பும் பொய் என்பது முன்னரே தெரிந்தது, ஆகவே பொய் எச்சரிக்கையின் விகிதம் ஊகமாக இல்லாமல் எண்ணாகக் கிடைக்கும். இரண்டாவதில் தேடலுக்குள் வேண்டுமென்றே தாமதத்தைச் செருகி, எவ்வளவு தாமதத்தில் விழித்துக்கொள்கிறது என்று பார்க்கவேண்டும். நம் 11 எண்களின் சிதறல் அப்படியே நீடித்தால், 5 ஓட்டமும் மறுசோதனையும் கொண்ட 441 கோடு 12 மில்லிசெகண்ட் தாமதத்தைப் பார்க்காது, 20-ஐயும் ஏறக்குறைய பார்க்காது. 34 என்றால் நான்கில் மூன்று தடவை பிடிக்கும். 40 என்றால் தப்ப விடாது. அந்தச் சோதனையின் பெயருக்குப் பக்கத்திலேயே "40 மில்லிசெகண்டுக்குக் கீழே எனக்கு உறுதியில்லை" என்று எழுதிவைத்துவிட்டால், பச்சையைப் பார்த்து மாற்றத்தை உள்ளே விடுபவருக்கு அந்தப் பச்சை எதை உறுதிசெய்கிறது, எதைச் செய்யவில்லை என்று தெரிந்திருக்கும்.